‘யெஸ்’ என்பதும் கைநாட்டுத்தான்

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் எனக்குப் பழகிப்போன ஒரு காரியம் உண்டு. பயிர்க்கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும் முன் அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். தொகை இவ்வளவு, வட்டி இவ்வளவு, அறுவடை முடிந்து இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் இன்னது நடக்கும் என்று சொல்லி, “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் மைப்பெட்டியைத் திறப்போம். படித்துக் காட்டியதற்கு ஒரு சாட்சியும் கையெழுத்துப் போடுவார்.

அதே மனிதர்களின் போனுக்கு இப்போது “Reply YES to confirm” என்று மெசேஜ் வருகிறது. சிலவற்றில் YES-க்குப் பதிலாக 1 என்று அனுப்பச் சொல்லியிருக்கும். நம் ஆட்கள் இதை ஏதோ வந்த கடிதத்துக்குப் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்வதுபோல நினைத்து அழுத்திவிடுகிறார்கள். அது பெற்றுக்கொண்டதற்கான அடையாளம் அல்ல. பணத்தை இனிமேல் தானாகவே எடுத்துக்கொள் என்று கொடுக்கிற கைநாட்டு. இதற்குப் படித்துக் காட்டவும் ஆள் இல்லை, சாட்சியும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். திருவையாறில் கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து வரும் போனை எடுப்பதற்கும், எப்போதாவது தானே கூப்பிடுவதற்கும்தான் அது. சுருக்குப்பையில் வெற்றிலையோடு போனும் கிடக்கும். இந்த மார்கழியில் என்னிடம் வந்து, “தம்பி, பத்து ரூபாய் டாப்-அப் போட்டா மறுநாளே காணோம். யாருக்கும் நான் பேசவே இல்லை. போன்ல ஓட்டையா?” என்று கேட்டார். கடைக்காரப் பையன் “வரி பிடிக்கிறாங்க பாட்டி” என்று சொல்லி அனுப்பியிருந்தான். டாப்-அப்பில் வரி பிடிப்பது உண்மைதான். பத்து ரூபாய் போட்டால் ஏழரை ரூபாய் அளவுக்குத்தான் கணக்கில் நிற்கும். ஆனால் அந்த ஏழரையும் மறுநாள் காணாமல் போனதற்கு வரி காரணமாக முடியாது.

மெசேஜ் பெட்டியைத் திறந்து கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஜோசியச் சேவை ஒன்றுக்கான மெசேஜ் கிடைத்தது. கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். வாசகம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

```
Confirm: Astro Tips Rs.3/day, auto renewal.
First day FREE. Reply 1 or YES to start.
To stop SMS STOP to 155223 (toll free)
```

மூன்றே வரி. இதை ஒரு பத்திரத்தைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

கண்ணில் முதலில் படுவது FREE. அது பெரிய எழுத்தில் இருப்பதால் படுகிறது. அதற்கு முன்னால் இருக்கும் First day என்பதை யாரும் படிப்பதில்லை. இலவசம் ஒரு நாளைக்கு மட்டும். அந்த நாள் முடிந்ததும் மறுபடி கேட்க மாட்டார்கள். ஏனென்றால் கேட்டு வாங்க வேண்டிய சம்மதத்தை இன்றைக்கே வாங்கிவிட்டார்கள்.

அடுத்தது Rs.3/day. இந்தச் சாய்கோடுதான் முழு விஷயமும். ‘மூன்று ரூபாய்’ என்று மனதில் பதிகிறது, சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் day பதிவதில்லை. ஒரு டீ விலைகூட இல்லையே என்று தோன்றும். சாய்கோட்டைக் கண்டால் ‘ஒவ்வொரு’ என்று வாசித்துப் பழகுங்கள். ஒவ்வொரு நாளும் மூன்று ரூபாய். சில மெசேஜில் Rs.30/30 days என்று இருக்கும், சிலவற்றில் /week என்று இருக்கும். எதுவானாலும் வருஷக் கணக்குக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூன்றை 365-ஆல் பெருக்கினால் 1,095 ரூபாய். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 2025-26 பருவத்துக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொது ரகத்துக்கு குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். நாற்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஈரப்பதம் பார்த்து, வரிசையில் காத்திருந்து, கொட்டித் தூற்றிப் போடுகிற ஒரு மூட்டை நெல், தன் ராசிக்கு என்ன பலன் என்று ஆங்கிலத்தில் வருகிற மெசேஜுக்குப் போகிறது. அந்த அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது.

மூன்றாவது, auto renewal. இந்த இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் ஒரு தடவையோடு போயிருக்கும். இது இருப்பதால் நாம் நிறுத்துகிறவரை ஓடும். renewal, auto-renew, recurring, subscription, AutoPay என்று பல பெயரில் வரும். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். மெசேஜில் எண்ணைத் தேடுவதற்கு முன்னால் இந்த வார்த்தைகளில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடச் சொல்லி எங்கள் தெருவில் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசி வரியில் இருக்கிறது 155223. நிறுத்துவதற்கான பொது எண். அதற்குப் பிறகு வருகிறேன்.

அத்தை எப்படிச் சம்மதம் கொடுத்தார்? அவருக்கே தெரியவில்லை. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பேசி முடித்து வைத்தவுடனோ, சும்மா கிடக்கும்போதோ, திரையில் ஒரு விளம்பரம் தானாக முளைக்கும். கீழே ஒரு பக்கம் OK, மறுபக்கம் Cancel. அது மெசேஜ் பெட்டிக்கு வருவது அல்ல. சிம் கார்டுக்குள்ளேயே இருக்கும் சிம் டூல்கிட் என்கிற ஏற்பாட்டின் வழியாகத் திரையில் எழுவது. திரையை மறைத்துக்கொண்டு நிற்பதால் அதைப் போக்க எதையாவது அழுத்தியே தீர வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய பட்டன் பெரும்பாலும் OK-தான். சுருக்குப்பைக்குள் கிடக்கும் போனில் கொட்டைப்பாக்குகூட அழுத்திவிடும். போன் மெனுவில் சிம் கம்பெனியின் பெயரிலேயோ, SIM Toolkit என்றோ ஒரு இடம் இருக்கும். அதற்குள் போனால் இந்த விளம்பரங்களை நிறுத்தி வைக்கும் வசதி பெரும்பாலான சிம்களில் இருக்கிறது. அத்தை போனில் முதல் வேலையாக அதைச் செய்தேன்.

விஷயத்தை என் மகனிடம் சொன்னபோது அவன் சட்டம் பேசினான். “ரூல் இருக்குப்பா. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுத்தான் போடணும். அதுக்கப்புறமும் ஓகே கொடுத்தா கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்?”

அவன் சொல்லும் விதி உண்மையானது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2013 ஜூலை 10-ஆம் தேதி ஒரு உத்தரவு போட்டது. அதற்கு முந்தைய வருஷங்களில் கேட்காமலேயே காலர் டியூன், ஜோக், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று போட்டுப் பணம் பிடித்து நாடு முழுவதும் புகார். 2011-லேயே ஒரு உத்தரவு போட்டும் அடங்கவில்லை. அதனால் 2013-ல், சேவை கேட்டபோது ஒரு சம்மதம், பிறகு சேவை விற்பவருக்குச் சொந்தமில்லாத மூன்றாவது ஒருவர் நடத்தும் வழியாக இன்னொரு சம்மதம், இரண்டும் கிடைத்தால்தான் பணம் பிடிக்கலாம் என்றார்கள். இரண்டாவதாகக் கேட்கும்போது சேவையின் பெயர், கட்டணம், எத்தனை நாளுக்கு என்கிற மூன்றையும் சொல்லியாக வேண்டும். நிறுத்துவதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 155223 என்ற கட்டணமில்லா எண்ணைக் கொடுத்து, கேட்ட 4 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார்கள்.

நல்ல விதி. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு தடவை கேட்பது என்பதன் அர்த்தம் யோசிக்க இடம் கொடுப்பது. முதல் OK அழுத்திய கையோடு இரண்டாவது வந்து நின்றால் அது இரண்டு கேள்வி அல்ல, ஒரே மூச்சில் இரண்டு தடவை கேட்ட ஒரே கேள்வி. முதலாவதை எதற்காக அழுத்தினாரோ அதே காரணத்துக்காக இரண்டாவதையும் அழுத்துவார், திரையிலிருந்து அதை விரட்ட. மகனிடம் இதைச் சொன்னேன். நிலப் பத்திரத்தைக் காலையில் வாசித்துக் காட்டிவிட்டு மத்தியானம் கையெழுத்து வாங்குவதற்கும், வாசலில் வைத்து “போடு, இங்கேயும் போடு” என்று வாங்குவதற்கும் வித்தியாசம் இல்லையா என்று கேட்டேன். அவன் பேசவில்லை. அவனுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

எனக்கு இருக்கும் கோரிக்கை பெரியதல்ல. எனக்கும் என் தெருக்காரர்களுக்கும் வந்து சேருகிற சம்மத மெசேஜ்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதே கம்பெனி ரீசார்ஜ் தீரப்போகிறது என்று நினைவூட்ட மட்டும் அழகான தமிழில் அனுப்புகிறது. பணம் வாங்கத் தமிழ் தெரிகிறவர்களுக்குச் சம்மதம் வாங்கவும் தமிழ் தெரிய வேண்டும். கூடவே சாய்கோட்டுக் கணக்கை விட்டுவிட்டு, ‘நிறுத்தாவிட்டால் வருஷத்துக்கு 1,095 ரூபாய்’ என்று ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் ஜோசியச் சேவைக்கு எங்கள் தெருவில் ஒருவரும் சேர மாட்டார்கள். அதனால்தான் எழுத மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்னொரு பயத்தையும் போக்கிவிட வேண்டும். “பதில் போடலைன்னா லைன் கட் ஆயிடுமோ?” என்று அத்தை கேட்டார். இந்தப் பயத்தால்தான் பாதிப் பேர் YES போடுகிறார்கள். Confirm என்ற சொல்லைப் பார்த்து, ஏற்கெனவே நமக்கு இருக்கும் ஏதோ ஒன்றை உறுதி செய்யச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சேவைகளில் நிலைமை அதற்கு நேர் எதிர். பதில் போடாமல் இருப்பதுதான் ‘வேண்டாம்’. சும்மா விட்டால் சேவையும் வராது, பணமும் போகாது, போனும் வழக்கம்போல ஓடும். பத்து இலக்க சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்து YES போடச் சொன்னால் அது இந்த வகையே அல்ல. அதற்கு YES-உம் வேண்டாம், NO-வும் வேண்டாம். நம் எண்ணில் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கு நாமாக எதற்குச் சொல்ல வேண்டும்?

நிறுத்துவதற்கு STOP என்று டைப் செய்து 155223-க்கு அனுப்ப வேண்டும். அந்த எண்ணுக்குப் போன் செய்தும் நிறுத்தலாம், காசு பிடிக்காது. அத்தையின் போனிலிருந்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் பட்டியல் வந்தது. ஜோசியத்தோடு காலர் டியூன் ஒன்றும் இருந்தது. அவரைக் கூப்பிடுகிறவர்களுக்கு மூன்று மாதமாக சினிமாப் பாட்டு கேட்டிருக்கிறது. மகள் ஏதோ அம்மா ஆசைப்பட்டு வைத்திருக்கிறாள் என்று கேட்காமல் இருந்திருக்கிறாள்! இரண்டையும் நிறுத்தினோம்.

டாப்-அப் போட்ட மறுநாளே ஏன் காணாமல் போனது என்பதற்கும் விடை கிடைத்தது. கணக்கில் காசு இல்லாத நாளில் இந்தச் சேவைகள் செத்துப்போவதில்லை. காத்துக்கிடக்கும். காசு விழுந்ததும் எடுத்துக்கொள்ளும். மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்ததும் முதல் மடையில் இருப்பவன் பாய்ச்சிக்கொள்வதைப்போல. அதனால் ‘பேலன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் தானாக நின்றுவிடும்’ என்று சிலர் சொல்வதை நம்பி இருந்துவிடக் கூடாது.

இதுவரை சொன்னது பட்டன் போன் சங்கதி. டச் போன் வைத்திருக்கும் நண்பர்கள், எங்களுக்கெல்லாம் அன்லிமிடெட் பிளான், மெயின் பேலன்ஸே பூஜ்யம், எதை எடுப்பான் என்று சிரிக்கலாம். அது சரிதான். அதனால் ஓட்டை இடம் மாறிவிட்டது. முன்பு கசிந்தது வயல் மடையில், இப்போது கசிவது தலைமதகில். அதாவது நேராக வங்கிக் கணக்கில்.

இங்கே YES என்பதற்குப் பதிலாக யூபிஐ பின் எண்ணைப் போடச் சொல்கிறார்கள். பக்திப் பாடல், சீரியல், உடற்பயிற்சி என்று ஏதாவது ஒரு ஆப், ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் என்று அழைக்கும். தொட்டால் பணம் கட்டும் திரை வரும். அதில் இருக்கும் வாசகம் ஏறக்குறைய இப்படி:

```
Pay Re.1 now
AutoPay: up to Rs.499, Monthly
Valid till: 2054
```

ஒரு ரூபாய் முதல் வரியில் இருக்கிறது. நாம் பின் எண்ணைப் போடுவது அந்த ஒரு ரூபாய்க்கு மட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டாவது வரிக்கும் சேர்த்துத்தான். up to என்றால் ‘அதுவரைக்கும்’. மாதம் 199 எடுக்கலாம், பிறகு விலையை ஏற்றி 499 வரை எடுக்கலாம், மறுபடி உங்களைக் கேட்க வேண்டியதில்லை. மூன்றாவது வரியில் இருக்கும் வருஷத்தைப் பாருங்கள். அந்த வருஷம் என்னைப்போன்றவர்கள் இருக்கப்போவதில்லை, கழிவு மட்டும் இருக்கும். சில ஆப்களில் Monthly என்பதற்குப் பதிலாக As presented என்று போட்டிருக்கும். அது இன்னும் மோசம். அவர்கள் கேட்கும்போதெல்லாம் என்று அர்த்தம்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி இப்படிப்பட்ட தானியங்கிக் கழிவுக்கு முதல் தடவை மட்டும்தான் நம் பின் எண்ணோ ஓடிபியோ வேண்டும். அடுத்தடுத்து எடுப்பதற்கு, ஒரு தடவைக்கு 15,000 ரூபாய் வரைக்கும், அது தேவையில்லை. 2022 ஜூனில் அந்த வரம்பை 5,000-லிருந்து உயர்த்தினார்கள். ஆனால் அதே விதி நமக்கும் ஒரு பிடிமானம் கொடுத்திருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால், யார், எவ்வளவு, எந்தத் தேதியில் எடுக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்தாக வேண்டும். ‘will be debited’ என்று வரும் மெசேஜ் அதுதான். எங்கள் வயதுக்காரர்கள் வங்கி மெசேஜ்களில் ‘debited’ என்று முடிந்துபோனதைத்தான் படிக்கிறோம். ‘will be’ என்பதைப் பார்த்தால் அன்றைக்கே உட்கார்ந்துவிடுங்கள். உங்களுக்கு ஒரு நாள் இருக்கிறது.

அந்த ஒரு நாளில் செய்ய வேண்டியது யூபிஐ ஆப்பைத் திறந்து, உங்கள் பெயர் அல்லது படம் இருக்கும் இடத்தைத் தொட்டு, AutoPay அல்லது Mandates என்று இருக்கும் பட்டியலுக்குப் போவது. யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று அங்கே வரிசையாகத் தெரியும். வேண்டாததைத் தொட்டு Cancel அல்லது Revoke கொடுத்து பின் எண் போட்டால் முடிந்தது. எல்ஐசி பிரீமியம், சீட்டுப் பணம் போன்றவற்றையும் அதே இடத்தில் போட்டிருப்பீர்கள், பார்த்து நிறுத்துங்கள்.

ஆப்பைப் போனிலிருந்து நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஆப் போனதும் அதன் தொல்லை கண்ணுக்குத் தெரியாமல் போகிறதே தவிர, நாம் கொடுத்த அனுமதி வங்கியில் அப்படியே இருக்கிறது. ப்ளே ஸ்டோர் வழியாகப் பணம் கட்டியிருந்தால் அங்கே Subscriptions என்ற இடத்திலும் போய் ரத்து செய்ய வேண்டும். சேருவதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஏழு திரை என்கிற இந்தத் தந்திரத்துக்கு மத்திய அரசே ‘சந்தா பொறி’ என்கிற பொருளில் பெயர் வைத்து, 2023 நவம்பர் 30 அறிவிக்கையில் தடை செய்த பதின்மூன்று வகை ஏமாற்று உத்திகளில் சேர்த்திருக்கிறது. விலகவே விடாமல் சுற்றலில் விட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

அத்தை கதைக்குத் திரும்புகிறேன். நிறுத்தியாகிவிட்டது, போன பணம்? “போனது போச்சு தம்பி, விடு” என்றார். நான் விடவில்லை. 198-க்கு அவர் போனிலிருந்தே கூப்பிட்டு, இந்தச் சேவையை நான் கேட்கவில்லை, நான் எப்போது, எப்படிச் சம்மதம் கொடுத்தேன் என்பதற்கான பதிவைக் காட்டுங்கள் என்று அவரைவிட்டே கேட்கச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். ‘பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டால் “நீங்கள்தான் ஆக்டிவேட் செய்திருக்கிறீர்கள்” என்று முடித்துவிடுவார்கள். சம்மதத்தின் பதிவைக் கேட்டால் பேச்சின் தோரணை மாறுகிறது. புகார் எண் ஒன்று கொடுத்தார்கள். அந்த எண் இல்லாமல் போனை வைக்கவே கூடாது. அதில் சரியான பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை. அங்கே 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அத்தைக்கு முதல் சுற்றிலேயே நாற்பத்திரண்டு ரூபாய் திரும்ப வந்தது. போனது அதைவிட அதிகம். மேல்முறையீட்டுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். புகார் எண்ணை அத்தை வீட்டு நாள்காட்டியின் பின்பக்கத்தில் கரியால் எழுதியிருக்கிறார்.